கியாட்டைக் கட்டிவைப்பதா, மிதக்கவிட்டுக் கவனிப்பதா? ஓர் உளுந்து வியாபாரியின் ஒப்பீடு

ரங்கூனில் உளுந்து, துவரை, பாசிப்பயறு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. 2022-க்குப் பிறகு நேரடி ஏற்றுமதியைச் சுருக்கிக்கொண்டு, பயின்னவுங் சந்தையில் பெரிய ஏற்றுமதியாளர்களுக்குச் சரக்கு கொடுக்கும் உள்ளூர் வியாபாரத்துக்கு மாறினோம். சரக்கு கிடைக்கவில்லையா, இந்தியா வாங்கவில்லையா என்று ஊரிலிருந்து உறவினர்கள் கேட்கிறார்கள். சரக்கும் இருந்தது, வாங்குபவரும் இருந்தார். மாற வைத்தது மியான்மர் நாணயமான கியாட்டுக்கும் டாலருக்கும் உள்ள மாற்று விகிதம், அதுவும் அதை நடத்திய முறை.

இந்த நாட்டில் என் வயதை ஒத்தவர்கள் ஒரே வாழ்நாளில் மூன்று முறைகளைப் பார்த்துவிட்டோம். 2012 வரை அசையாத பிணைப்பு. அதன் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் மேலாண்மை மிதவை. 2022 ஏப்ரலில் மறுபடியும் பிணைப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு மேலாண்மை மிதவைக்குத்தான். அதில் நஷ்டம் பட்டதில்லை என்பதால் இல்லை. இரண்டையும் கட்டிக் காப்பதற்கு ஆகும் செலவைப் பார்த்த பிறகு வந்த முடிவு இது. அந்தச் செலவைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் எது எது என்று சுருக்கமாக. பிணைப்பு என்றால் மத்திய வங்கி ஒரு விலையை அறிவித்து, அந்த விலையில் டாலரை வாங்கவும் விற்கவும் தயார் என்று வாக்குக் கொடுப்பது. ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்றால் இன்றும் அதுதான், அடுத்த மாதமும் அதுதான். மேலாண்மை மிதவையில் விலையை வங்கிகளும் வியாபாரிகளும் பேசி முடிவு செய்வார்கள். மத்திய வங்கி அவ்வப்போது உள்ளே வந்து கொஞ்சம் டாலர் விற்கும், கொஞ்சம் வாங்கும். ஒரே நாளில் விலை எகிறிவிடாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் இந்த விலைதான் என்று சத்தியம் செய்யாது.

பிணைப்புக்கு உள்ள நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கணக்குப் போடுவது எளிது. ஆறு மாதம் கழித்து வரப்போகும் மருந்துக்கும் டீசலுக்கும் இன்றே விலை சொல்லலாம். விலைவாசி எகிறிக் கிடக்கும் நாட்டில் மக்கள் பிடித்துக்கொள்ள ஒரு எண் கிடைக்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நன்றாக ஓடும் பிணைப்பு வியாபாரிக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் அது நன்றாக ஓடுவதற்கு என்ன வேண்டும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

வாக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது

பிணைப்பைக் காப்பாற்றும் வேலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. கியாட்டை எல்லோரும் விரும்பி வாங்கும்போது அதன் விலை ஏறப் பார்க்கும். அப்போது மத்திய வங்கி கியாட்டை அச்சடித்துக் கொடுத்து டாலரை வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். அச்சு இயந்திரம் தன்னுடையது, அதற்கு எல்லை இல்லை. கியாட்டை எல்லோரும் கைவிடும்போது கதை வேறு. அப்போது டாலரைக் கொடுத்துக் கியாட்டை வாங்க வேண்டும், டாலரை நம்மால் அச்சடிக்க முடியாது. கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வாக்குக்கு ஆயுள்.

கையிருப்பு என்றும் முழுசாகக் கைக்குள் இருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் ஆட்சி மாறியதும் நியூயார்க்கில் இருந்த சுமார் 100 கோடி டாலரை அமெரிக்கா முடக்கிவிட்டது. கணக்கில் இருந்த பணம், எடுக்க முடியாத பணமானது.

மேலாண்மை மிதவையிலும் கையிருப்பு வேண்டும். ஆனால் அங்கே ஒரு குறிப்பிட்ட எண்ணைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அழுத்தம் அதிகமானால் விலை கொஞ்சம் இறங்கி அழுத்தத்தின் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், மீதியைக் கையிருப்பு தாங்கும். பிணைப்பில் முழு அழுத்தமும் கையிருப்பின் தலையில்தான். அதற்கு அடுத்தபடியாக வட்டியை ஏற்றலாம், அதுவும் போதாவிட்டால் சட்டம் போட்டு டாலரை ரேஷன் செய்யலாம். எங்கள் நாடு பிடித்தது மூன்றாவது வழியை.

ஒரு கண்டெய்னர் உளுந்தின் கணக்கு

2022 ஏப்ரலில் வந்த உத்தரவு, வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை ஒரு வேலை நாளுக்குள் 1,850 விகிதத்தில் கியாட்டாக மாற்றிவிட வேண்டும் என்றது. ஆகஸ்டில் விகிதத்தை 2,100 ஆக்கி, ஏற்றுமதியாளர் 65 சதவீதத்தை மட்டும் அந்த விலையில் கொடுத்தால் போதும், மீதி 35 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தவோ விற்கவோ செய்யலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமான தளர்வாகத்தான் தெரிந்தது. அதை ஒரு கண்டெய்னருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

இருபது அடிக் கண்டெய்னரில் 24 டன் உளுந்து ஏறும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று டன் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 டாலர். தெருவில் டாலர் 3,000 கியாட் என்றும் வைத்துக்கொள்வோம். 65 சதவீதம் என்பது 15,600 டாலர். அதை 2,100-ல் மாற்றினால் 3 கோடியே 27 லட்சத்து 60 ஆயிரம் கியாட் கிடைக்கும். மீதி 8,400 டாலர் தெரு விலையில் 2 கோடியே 52 லட்சம். இரண்டும் சேர்ந்து 5 கோடியே 79 லட்சத்து 60 ஆயிரம். முழுவதையும் தெரு விலையில் மாற்றியிருந்தால் 7 கோடியே 20 லட்சம் கிடைத்திருக்கும். ஒரு கண்டெய்னரில் 1 கோடியே 40 லட்சம் கியாட் போய்விடுகிறது. டாலருக்கு எங்கள் கைக்கு வருவது சராசரியாக 2,415 கியாட்தான். இந்த உத்தரவுக்கு வரி என்று பெயரில்லை, ஆனால் கிட்டத்தட்ட இருபது சதவீத ஏற்றுமதி வரி அது.

இனி இந்த இருபது சதவீதம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் வாங்குபவர் கூடுதலாக ஒரு டாலரும் தரமாட்டார். அவருக்கு இந்திய உளுந்தும் இருக்கிறது. ஆகவே நாங்கள் பெகுப் பக்கத்து விவசாயியிடம் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். அவர் நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்து, பிப்ரவரி மார்ச்சில் மூட்டை கட்டிக் கொண்டுவருகிறார். அவர் வாங்கிய உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் டீசலுக்கும் கொடுத்தது தெரு விலை டாலரின் கணக்கில். எங்களிடம் விற்பது 2,415-ன் கணக்கில். அடுத்த பருவம் அவர் உரத்தைக் குறைப்பார், இல்லாவிட்டால் மூட்டையை வீட்டில் போட்டுக் காத்திருப்பார். இரண்டும் நடந்ததைப் பார்த்திருக்கிறோம். மாதிரிக்காகத் தட்டில் கொட்டிக் காட்டும் உளுந்தின் மணி சிறுத்துப்போனதும் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்புறம் இன்வாய்ஸ் விஷயம். சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழி இது. டன் 1,000 டாலர் சரக்கை 700 என்று காகிதத்தில் எழுதுவது. மீதி 300 டாலர் வெளியூரில் ஒரு கணக்கில் தங்கிவிடும், இல்லாவிட்டால் உண்டியல் என்று சொல்லும், வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் வழியில் கியாட்டாக வந்து சேரும். இப்போது காகிதப்படி கண்டெய்னரின் விலை 16,800 டாலர். அதில் 65 சதவீதம் 10,920. மத்திய வங்கிக்கு வரவேண்டிய 15,600 டாலரில் 4,680 வரவே இல்லை. விலையைப் பிடித்துவைக்க டாலர் வேண்டும் என்றுதான் கட்டாய மாற்றம் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டாய மாற்றமே உள்ளே வரும் டாலரைக் குறைத்துவிட்டது.

பிணைப்பு உடைவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான். அறிவித்த விலைக்கும் தெரு விலைக்கும் இடையே இடைவெளி விழுந்தால், டாலரைக் கொண்டுவருபவன் ஒதுங்கிப்போவான், டாலரை வாங்க நினைப்பவன் வரிசையில் நிற்பான். வரவு குறையும், கேட்பவர் கூடுவர், இடைவெளி இன்னும் அகலமாகும். அகலமானதும் ஒதுங்குபவர்களும் வரிசையில் நிற்பவர்களும் இன்னும் கூடுவார்கள். இந்தச் சுழல் தானாக நிற்காது.

வரிசையின் மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மலிவு டாலர் எல்லோருக்கும் கிடைக்காது என்பதால் யாருக்குக் கொடுப்பது என்று ஒரு அலுவலகம் முடிவு செய்யும். எரிபொருள், சமையல் எண்ணெய் இறக்குமதியாளர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். பாமாயிலுக்கு அரசு குறிப்பு விலை ஒன்றை அறிவித்தது. அந்த விலையில் எண்ணெய் விற்கும் கடைகளில் விடியற்காலையிலிருந்தே பெண்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். சாதாரணக் கடையில் அதே எண்ணெய்க்கு விலை வேறு. மலிவு டாலரின் பலன் சமையலறை வரை வரவில்லை, நடுவிலேயே தங்கிவிட்டது. ஒரு பொருளுக்கு இரண்டு விலை இருக்கும் இடத்தில், மலிவாக வாங்கி மற்ற விலையில் விற்கும் உரிமைதான் பெரிய லாபம். அந்த உரிமையைப் பெற ஓடும் ஓட்டம் வியாபாரத் திறமையாகாது. நேர்மையாக உழைத்த பல கடைகள் இந்த ஓட்டத்தில் பின்தங்கியதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எங்கள் மாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பழைய பிணைப்பு 35 ஆண்டுகள் எப்படி நின்றது?

நியாயமான கேள்வி. பன்னாட்டு நிதியத்தின் எஸ்டிஆர் என்ற கூடை நாணயம் ஒன்றுக்கு 8.50847 கியாட் என்று 1977-ல் கட்டிய விகிதம் 2012 வரை மாறவே இல்லை. டாலர் கணக்கில் அது ஏறக்குறைய ஆறு கியாட். 2011-ல் தெரு விலை 800-ஐ ஒட்டி இருந்தது. நூறு மடங்குக்கு மேல் இடைவெளி இருந்தும் உடையவில்லை.

ஆனால் அந்த விலையில் யாராலும் டாலர் வாங்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு கியாட்டுக்கு ஒரு டாலர் என்று வங்கிக்குப் போய்க் கேட்டால் கொடுக்க ஆளில்லை. 1988-க்குப் பிறகு பயறு ஏற்றுமதியைத் தனியாருக்குத் திறந்தார்கள். ஏற்றுமதியாளர்கள் சம்பாதித்த டாலரைத் தங்கள் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, இறக்குமதிக்குப் பயன்படுத்தினார்கள், இறக்குமதியாளர்களுக்குத் தெரு விலையை ஒட்டி விற்றார்கள். 1993-ல் அரசு எஃப்இசி என்ற அந்நியச் செலாவணிச் சான்றிதழையும் வெளியிட்டது. காகிதத்தில் அது ஒரு டாலருக்குச் சமம், தெருவில் அதற்கும் தனி விலை. இவை போதாதென்று, டாலர் நோட்டில் மடிப்பு இருந்தால் ஒரு விலை, மை பட்டிருந்தால் ஒரு விலை, சலவை நோட்டாக இருந்தால் ஒரு விலை. டாலர் நோட்டைப் புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துப் பாதுகாத்த பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை.

ஆக, பழைய பிணைப்பு உடையாததற்குக் காரணம், அதன் மீது யாரும் சாய முடியாதபடி வைத்திருந்ததுதான். உண்மையான வியாபாரம் முழுவதும் அதற்கு வெளியே நடந்தது. அரசுத் துறைகளின் கணக்கில் மட்டும் அது உயிரோடு இருந்தது. அங்கே அது செய்த கேடு சிறியதல்ல. ஒரு அரசு நிறுவனம் எரிவாயு விற்றுப் பத்து லட்சம் டாலர் ஈட்டினால் புத்தகத்தில் 60 லட்சம் கியாட் வரவு என்று எழுதும். தெரு விலையில் அது 80 கோடி கியாட். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பட்ஜெட் போடுபவருக்குக் கண்ணில் படுவது 60 லட்சம்தான். மறு பக்கம், ஆறு கியாட்டில் டாலர் ஒதுக்கப்பட்ட துறைக்கு எந்த வெளிநாட்டு இயந்திரமும் கொள்ளை மலிவாகத் தெரியும். லாபம் எது, நஷ்டம் எது என்றே சொல்ல முடியாத கணக்கு. உடையாத பிணைப்பு நல்ல பிணைப்பு என்று யாராவது சொன்னால் நான் காட்டுவது இந்த 35 ஆண்டுகளைத்தான்.

பக்கத்து வீட்டில் உடைந்தது

இதற்கு நேர் எதிர் வகை தாய்லாந்தில் நடந்தது. அங்கே பிணைப்பு உண்மையானது. டாலருக்கு ஏறக்குறைய 25 பாட், கேட்டவருக்கு அந்த விலையில் டாலர் கிடைத்தது. 1984 முதல் நன்றாகவே ஓடியது. நன்றாக ஓடியதே வினையானது. விலை மாறாது என்ற நம்பிக்கையில் நிறுவனங்கள் குறைந்த வட்டிக்கு டாலரில் கடன் வாங்கி, பாட்டில் வருமானம் வரும் கட்டடங்களில் போட்டன. ஏற்றுமதி மந்தமானதும் பாட் இந்த விலைக்குத் தகுதியானதில்லை என்று பந்தயம் கட்டியவர்கள் பாட்டை விற்கத் தொடங்கினார்கள்.

தாய் மத்திய வங்கி டாலரை ரொக்கமாக விற்றதோடு முன்பேரத்திலும் விற்றது. அதாவது சில மாதம் கழித்து டாலர் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பேரத்தில் விற்ற டாலர் அந்தத் தேதி வரும்வரை கையிருப்புக் கணக்கில் அப்படியே இருக்கும். வெளியே காட்டிய எண் 3,000 கோடி டாலருக்கு மேல். அதில் சுமார் 2,950 கோடி ஏற்கெனவே மற்றவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது என்பது வெளியே தெரியவில்லை. உண்மையில் பயன்படுத்தக்கூடியதாக மிஞ்சியது 300 கோடிக்கும் குறைவு. 1997 ஜூலை 2 அன்று பாட்டை மிதக்கவிட்டார்கள். ஆறே மாதத்தில், 1998 ஜனவரியில் டாலர் 56 பாட்டைத் தொட்டது. பாட்டில் சம்பாதித்து டாலரில் கடனைக் கட்டவேண்டிய நிறுவனத்தின் கடன் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

வட்டியை ஏற்றித் தடுத்திருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12 சதவீதமாக்கி, 15 ஆக்கப்போவதாகவும் அறிவித்தது. அன்று மாலையே பவுண்டின் பிணைப்பைக் கைவிட்டது. வீட்டுக்கடன் வட்டி ஏறினால் தன் மக்களே தாங்கமாட்டார்கள் என்பது எதிரில் பந்தயம் கட்டியவர்களுக்குத் தெரியும். பிணைப்பைக் காக்க எவ்வளவு வலியைத் தாங்குவார்கள் என்று சந்தை எடைபோடுகிறது. கையிருப்புக்கு அடுத்து உடைப்பது இதுதான். பணம் நாட்டுக்குள் தடையில்லாமல் வந்துபோகலாம், வட்டியை நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், விகிதமும் அசையக்கூடாது என்று மூன்றையும் ஒருசேரக் கேட்டால் ஒன்று கட்டாயம் கைநழுவும். தாய்லாந்தும் பிரிட்டனும் விகிதத்தை விட்டன. நாங்கள் பணத்தின் போக்குவரத்தை அடைத்தோம், அது உண்டியல் வழியாக வெளியே போனது.

மிதவை எங்களிடம் எப்படி நடந்தது

2012 ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய வங்கி 818 கியாட் என்ற குறிப்பு விலையோடு மேலாண்மை மிதவையைத் தொடங்கியது. வங்கிகள் தினமும் மூடிய ஏலத்தில் எவ்வளவு டாலர் வேண்டும், என்ன விலை என்று எழுதிக் கொடுக்கும். அதிலிருந்து அன்றைய குறிப்பு விலை வரும். அதற்கு மேலும் கீழும் 0.8 சதவீதத்துக்குள் வங்கிகள் பொதுமக்களோடு வியாபாரம் செய்யலாம்.

வியாபாரிக்கு இதனால் என்ன மாறியது? டாலர் வங்கிக்குள் வந்தது. சான்றிதழ் என்றும் கணக்கு டாலர் என்றும் பல விலைகள் இருந்தது போய், சில மாதங்களில் கிட்டத்தட்ட ஒரே விலை ஆனது. பயறுக்கு வரும் பணத்தை வங்கியில் மாற்றினால் தெருவில் கிடைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்வாய்ஸைக் குறைத்து எழுதக் காரணமே இல்லாமல் போனது. சட்டம் கடுமையானதால் வந்த ஒழுங்கு இல்லை இது. ஏமாற்றுவதில் லாபம் இல்லாமல் போனதால் வந்தது.

வலியும் இருந்தது. 2018-ல் டாலர் உலகம் முழுவதும் வலுத்தபோது தெரு விலை குறிப்பு விலையை விட்டு விலகிப் போனது. அந்த 0.8 சதவீதக் கட்டு மறுபடியும் ஒரு சின்னப் பிணைப்பாகிவிட்டது. வங்கிகள் தங்களிடம் டாலர் இல்லை என்று சொல்லத் தொடங்கின. ஆகஸ்டில் மத்திய வங்கி அந்தக் கட்டை எடுத்துவிட்டது. சில வாரங்களில் கியாட் 1,500-ஐத் தாண்டி இறங்கியது. இறக்குமதி செய்தவர்கள் நல்ல அடி வாங்கினார்கள். டாலரில் கடன் வாங்கியிருந்த தெரிந்தவர்கள் அந்த ஆண்டை இன்னும் மறக்கவில்லை. ஆனால் கட்டை எடுத்த பிறகு டாலர் கிடைக்காமல் போகவில்லை. விலை கொடுத்தால் கிடைத்தது. வரிசை இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை. 2020-ல் கியாட் மறுபடி வலுத்து 1,300 பக்கம் வந்தபோது மத்திய வங்கி டாலரை வாங்கிச் சேர்த்தது. மேலாண்மை என்பது இதுதான்: வலுக்கும்போது சேர்ப்பது, சரியும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் தாங்குவது.

எங்கள் அனுபவம் ஏற்றுமதிப் பக்கத்திலிருந்து வந்தது, அதற்கு ஏற்ற சாய்வு இதில் இருக்கும். மருந்து இறக்குமதி செய்பவரைக் கேட்டால் 2018-ஐப் பற்றி என்னைவிடக் காட்டமாகப் பேசுவார். மிதவை எல்லா நோய்க்கும் மருந்து என்றும் சொல்லமாட்டேன். எங்கள் மிதவைக்குக் கிடைத்த ஆயுள் பத்து ஆண்டுகள்தான், அதில் பெரும்பகுதி வெளிநாட்டு முதலீடு வந்துகொண்டிருந்த நல்ல காலம்.

2021-ல் வந்த சரிவில் எந்த முறையும் கியாட்டைக் காப்பாற்றியிருக்காது. முதலீடு நின்றது, வங்கிகளில் ரொக்கம் கிடைக்கவில்லை, அரசின் பற்றாக்குறையை மத்திய வங்கியே பணம் கொடுத்து நிரப்பியது. கியாட் பெருகி டாலர் பெருகாவிட்டால் விலை இறங்கத்தான் செய்யும். அந்த ஆகஸ்டில் பழைய 0.8 சதவீதக் கட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், செப்டம்பர் 10-ல் கைவிட்டார்கள். பிப்ரவரி முதல் தேதியில் 1,395 ஆக இருந்த டாலர் செப்டம்பர் கடைசியில் 2,700-ஐ எட்டியது. இதைக் கண்டு பயந்துதான் 2022-ல் முழுப் பிணைப்புக்குப் போனார்கள். ஆனால் பணம் அச்சடிப்பதை நிறுத்தாமல் விலையைக் கட்டினால் கட்டு நிற்காது. விலை எங்கே போயிருக்குமோ அங்கேதான் போனது: 2024 ஆகஸ்டில் தெருவில் டாலர் 7,000 கியாட்டைச் சுற்றி விற்றது. அப்போதும் பலகையில் இருந்த அதிகாரப்பூர்வ விலை 2,100.

எதைப் பார்த்தால் தெரியும்

பிணைப்பு தளர்கிறதா என்று கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. அறிவித்த விலையில் டாலர் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பிணைப்பு உயிரோடு இருக்கிறது. படிவம், கோட்டா, பரிந்துரை என்று பேச்சு ஆரம்பித்தால் பாதி உடைந்துவிட்டது. தெரு விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி வாரா வாரம் அகலமாகிறதா என்பது அடுத்தது. மூன்றாவது, சுற்றறிக்கைகள் வரும் வேகம். கட்டாய மாற்றத்தின் அளவு எங்களிடம் 65 சதவீதத்திலிருந்து 2023-ல் 50 ஆகி, அந்த டிசம்பரில் 35 ஆனது. ஒவ்வொரு குறைப்பும் முந்தைய அளவில் டாலர் வரவில்லை என்று மத்திய வங்கியே ஒப்புக்கொண்டதற்குச் சமம். கையிருப்பு எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். தாய்லாந்து போல முன்பேரத்தில் எவ்வளவு போய்விட்டது, நியூயார்க்கில் போல எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதைக் கழித்த பிறகுதான் அது எண்.

உடையாத நல்ல பிணைப்பே கிடையாதா என்றால், உண்டு. ஹாங்காங் 1983 அக்டோபர் முதல் டாலருக்கு 7.80 என்று கட்டி வைத்திருக்கிறது. அங்கே புழக்கத்தில் விடும் உள்ளூர்ப் பணத்துக்கு ஈடாக அமெரிக்க டாலர் சொத்து வைத்தாக வேண்டும், அரசுக்குப் பணம் வேண்டுமென்று அச்சடிக்க முடியாது. வட்டியும் பெரும்பாலும் அமெரிக்கா சொல்வதுதான். 1998-ல் பந்தயம் கட்டுபவர்கள் தாக்கியபோது கடும் வட்டியையும் மந்தத்தையும் தாங்கிக்கொண்டார்கள். அச்சு இயந்திரத்தை நிஜமாகவே பூட்டத் தயாராக இருக்கும் ஊருக்குப் பிணைப்பு சரி. பற்றாக்குறையை அச்சடித்து நிரப்பும் பழக்கம் உள்ள நாட்டுக்கு அது முடியாத காரியம்.

கடைசியாக, வெளியே வருவது பற்றி. 2012-ல் எங்களுக்கு அது கிட்டத்தட்ட வலியில்லாமல் நடந்தது. குறிப்பு விலையை அவர்கள் ஆறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவில்லை. தெரு விலை ஏற்கெனவே இருந்த 818-லேயே வைத்தார்கள். சந்தையில் எந்தப் பொருளும் அன்று விலை ஏறவில்லை, ஏனென்றால் எல்லாப் பொருளும் முன்பே தெரு டாலரின் விலையில்தான் இருந்தன. மாறியது அரசுத் துறைகளின் கணக்குப் புத்தகம் மட்டும். 2023 டிசம்பரில் மத்திய வங்கி, வங்கிகளின் இணையவழி டாலர் வியாபாரத்துக்கு இனி விலை நிர்ணயிக்கமாட்டோம் என்று அறிவித்தபோது நாங்கள் அதையே எதிர்பார்த்தோம். ஆனால் கட்டாய மாற்றத்துக்கான 2,100-ஐ எடுக்கவில்லை. அதனால் 2,100 ஒன்று, இணையவழி விலை ஒன்று, தெரு விலை ஒன்று என்று மூன்றாகப் பிரிந்தது. அந்த 2,100 எடுக்கப்பட்டு, ஏற்றுமதிப் பணம் முழுவதையும் ஒரே விலையில் மாற்ற முடிகிற நாளில் நாங்கள் மறுபடியும் எங்கள் பெயரிலேயே கண்டெய்னர் ஏற்றுவோம். அன்று டாலர் என்ன விலையாக இருந்தாலும் பரவாயில்லை.